17ஆம் இருக்கையின் ஹொட்ஸ்பொட்

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்வருபவர்களுக்கு நடத்துநரின் கையிலுள்ள அந்தத் தாள் பழக்கமானது. இருக்கை எண், பெயர், தொலைபேசி இலக்கம், ஏறுமிடம் என்று கோடு போட்ட ஒரு பட்டியல். காலி வீதியில் பஸ் நிற்க நிற்க அவர் அதைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஏறாதவர்களுக்குப் போன் எடுப்பார். வேலை முடிந்ததும் தாளை முன்கண்ணாடிக்கு அருகே செருகிவிடுவார். தேநீருக்கு இறங்குகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் இறங்குகிறார்கள்.

சென்ற ஆண்டு வரை என் ஹொட்ஸ்பொட்டின் பெயர் என் பெயர்தான். கடவுச்சொல் என் தொலைபேசி இலக்கம். அதாவது, 17ஆம் இருக்கைக்கு எதிரே எழுதியிருந்த இரண்டும் சேர்ந்தால் என் இணைப்புக்குள் நுழைந்துவிடலாம். இதை எனக்கு உணர்த்தியவர் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பல்கலைக்கழக மாணவர். நீர்கொழும்பு தாண்டியதும் மடிக்கணினியைத் திறந்தவர், "அண்ணா, உங்கள் ஹொட்ஸ்பொட்டைப் பத்து நிமிடம் தருவீர்களா? ஒப்படை ஒன்றை அனுப்ப வேண்டும்" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னரே, "உங்கள் நம்பர்தானே பாஸ்வேர்ட்? எங்கள் வீட்டிலும் அப்பா அப்படித்தான் வைத்திருக்கிறார்" என்று சிரித்தார். இலக்கத்தைச் சொன்னேன். அவர் ஒப்படையை அனுப்பினார், நன்றி சொன்னார், தூங்கிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே வெள்ளிக்கிழமை பஸ். மாணவர் எனக்கு மூன்று வரிசை பின்னால் இருந்தார். நான் அவரைக் கவனிக்கவில்லை. என் மடிக்கணினிக்காக ஹொட்ஸ்பொட்டைப் போட்டு வேலை செய்தேன். அநுராதபுரம் வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் அனுப்பியவை நான்கைந்து மின்னஞ்சல்கள் மட்டுமே. போனின் திரையைப் பார்த்தபோது இணைந்திருக்கும் சாதனங்கள் 2 என்று இருந்தது. பின்னால், அவர் முன்பே சேமித்து வைத்திருந்த படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மடிக்கணினியோ பழைய நினைவில் என் ஹொட்ஸ்பொட்டில் தானாகவே இணைந்து, விண்டோஸின் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இணைந்தது அவருக்கே தெரியாது.

அண்ட்ரொய்ட் போன் ஒன்று இன்னொரு அண்ட்ரொய்ட் போனின் ஹொட்ஸ்பொட்டில் சேரும்போது, இது அளவுக்குட்பட்ட டேட்டா என்ற குறிப்பு அதற்குப் போய்ச் சேருகிறது. ஆகவே பெரிய பதிவிறக்கங்களை அது தள்ளிவைக்கும். விண்டோஸ் மடிக்கணினிக்கு வீட்டு வைஃபையும் பஸ்ஸில் கிடைக்கும் ஹொட்ஸ்பொட்டும் ஒன்றுதான். அந்த இணைப்பின் பண்புகளில் போய் `Metered connection` என்பதை நாமே போட்டுவிட வேண்டும். ஒரு இணைப்புக்குப் போட்டது மற்றதற்குப் பொருந்தாது. என் கணினியில் நான் போட்டிருந்தேன். அவருடையதில் யார் போடுவது?

பயணத்தில் ஹொட்ஸ்பொட்டுக்கு வரும் இடைஞ்சல்களில் இதுவே மிக அதிகம் என்பது என் அனுபவம். கடவுச்சொல்லை உடைத்து நுழைகிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஒருமுறை அழைத்து உட்காரவைத்த விருந்தாளி, அழைக்காமல் மறுபடி வந்து நிற்பதைத்தான் கண்டிருக்கிறேன். ஆனால் உடைக்கிறவர் எப்படி உடைக்கிறார் என்று தெரிந்தால்தான் எப்படிப்பட்ட கடவுச்சொல் போதும், எது போதாது என்று கணக்குப் பார்க்க முடியும். எனவே முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

பலர் நினைப்பது இப்படி: அந்நியர் ஒருவர் தன் போனில் என் ஹொட்ஸ்பொட்டைத் தொட்டு, ஒவ்வொரு கடவுச்சொல்லாகத் தட்டிப் பார்ப்பார், பத்துத் தடவை தவறினால் சலித்துப்போவார். அப்படி யாரும் செய்வதில்லை. பெரும்பாலான போன்களில் இன்றும் இயங்கும் `WPA2` என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், மடிக்கணினி ஹொட்ஸ்பொட்டில் இணையும் கணத்தில் இரண்டுக்கும் இடையே நான்கு சிறு செய்திகள் போய்வருகின்றன. கடவுச்சொல் அவற்றில் இருப்பதில்லை. ஆனால் கடவுச்சொல்லைத் தெரிந்தவர் மட்டுமே போடக்கூடிய ஒரு முத்திரை அவற்றில் இருக்கிறது. இந்தச் செய்திகள் காற்றில் போவதால் அருகிலிருக்கும் எவரும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பிடிப்பதற்குச் சில வினாடிகள் போதும். பிடித்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

பிடித்தவர் அதன்பின் பஸ்ஸில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக்குப் போய்க் கணினியில் போட்டு, "இந்தக் கடவுச்சொல்லாக இருந்தால் முத்திரை இப்படி வருமா?" என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். உங்கள் போன் அணைந்திருந்தாலும் சோதனை நடக்கும். எத்தனை தடவை தவறினாலும் தடுக்க ஆளில்லை. அந்த முறையை வகுத்தவர்கள் ஒவ்வொரு சோதனையையும் வேண்டுமென்றே கடினமாக்கியிருக்கிறார்கள்: கடவுச்சொல்லையும் ஹொட்ஸ்பொட்டின் பெயரையும் கலந்து 4,096 சுற்று அரைத்த பின்புதான் ஒரு விடை வரும். ஆனாலும் இன்றைய உயர்தர வரைகலை அட்டை ஒன்று, விளையாட்டுப் பிரியர்கள் வாங்கிப் போடுகிறார்களே அதுதான், ஒரு வினாடியில் ஏறத்தாழ 25 இலட்சம் சோதனைகளைச் செய்து முடிக்கிறது.

இனி என் தொலைபேசி இலக்கத்துக்கு வருவோம். பத்து இலக்கங்கள் என்றால் ஆயிரம் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். உண்மையில் இலங்கையின் கைத்தொலைபேசி இலக்கங்கள் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்ற எட்டில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. மீதி ஏழு இலக்கங்களுக்கு ஒரு கோடி வாய்ப்பு. எட்டால் பெருக்கினால் எட்டுக் கோடி. வினாடிக்கு 25 இலட்சம் என்றால் 32 வினாடி. என் இலக்கம் மட்டுமில்லை, நாட்டில் உள்ள எல்லாக் கைத்தொலைபேசி இலக்கங்களையும், வழங்கப்படாதவை உட்பட, சோதித்து முடிக்க ஆகும் நேரம் அது. நடத்துநரின் தாள்கூடத் தேவைப்படாது.

பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து வைப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கக்கூடும். அவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. நம்மிடையே புழங்கும் பெயர்கள் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு நூறு. முதலெழுத்தைப் பெரிதாக்குவது, இடையில் `@` போடுவது, கடைசியில் ஆச்சரியக்குறி வைப்பது போன்ற சின்னச் சாமர்த்தியங்கள் ஒரு இருபது. பெருக்கினால் ஒரு கோடி. நான்கு வினாடி.

இந்தத் தவற்றைச் சாதாரண மக்கள் மட்டும் செய்யவில்லை. 2013இல் ஜெர்மனியின் எர்லாங்கன்-நூரம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐபோன் தானாகவே உருவாக்கித்தந்த ஹொட்ஸ்பொட் கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். பார்வைக்கு அவை நன்றாகத்தான் இருந்தன: ஒரு சிறிய ஆங்கிலச் சொல், அதன்பின் நான்கு இலக்கங்கள். ஆனால் போன் அந்தச் சொல்லை வெறும் 1,842 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்தே எடுத்தது. நான்கு இலக்கத்துக்குப் பத்தாயிரம் வாய்ப்பு. ஆக மொத்தம் 1 கோடியே 84 இலட்சம். அன்றைய வரைகலை அட்டைகள் நான்கைச் சேர்த்து அவர்கள் 50 வினாடிக்குள் திறந்துவிட்டார்கள். மறையாக்கத்தில் பிழை எதுவும் இல்லை. பூட்டு உறுதி, சாவிகள்தான் எண்ணிக்கையில் குறைவு. பின்னர் அந்த முறை மாற்றப்பட்டது.

கடவுச்சொல் எவ்வளவு விசித்திரமாகத் தெரிகிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அது எத்தனை வாய்ப்புகள் கொண்ட கூட்டத்திலிருந்து, எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமல் பொறுக்கி எடுக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. நான் இப்போது செய்வது இது. வீட்டில் ஒரு சிறிய அகராதி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் படும் சொல்லை எழுதிக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்று மாற்றுவதில்லை. மாற்றத் தொடங்கினால் கடைசியில் அம்மா, முருகன், மல்லிகை என்று எல்லோரும் எடுக்கும் சொற்களில்தான் போய் நிற்போம். இப்படி ஐந்து சொற்கள். அவற்றை ஆங்கில எழுத்தில் இடைக்கோடு போட்டு எழுதினால் தோற்றம் இப்படி இருக்கும்:

```
uppu-naduvar-kombu-saalai-vithai
```

இதையே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். அச்சில் வந்த சொற்றொடர் எல்லாம் உடைப்பவர்களின் பட்டியலுக்குப் போய்ச் சேரும். சொற்களின் கூட்டம் வெறும் இரண்டாயிரம்தான் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மூன்று சொல் என்றால் அதே வரைகலை அட்டைக்கு 53 நிமிடம். நான்கு சொல் என்றால் 74 நாள். ஐந்தாவது சொல்லைச் சேர்த்ததும் 400 ஆண்டுக்கு மேல் போய்விடுகிறது. ஒரே அட்டைக்குப் பதிலாக நூறு அட்டை வைத்திருப்பவர் என்றாலும் நான்கு ஆண்டு. வெள்ளிக்கிழமை இரவு டேட்டாவுக்காக யாரும் அவ்வளவு மினக்கெட மாட்டார்கள். சொற்களே வேண்டாம், எழுத்துகள் போதும் என்பவர்கள் போனையோ கடவுச்சொல் காப்பகச் செயலியையோ கொண்டு 12 சிறிய எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் எடுக்கலாம். அதற்கு 1,200 ஆண்டு. எட்டு எழுத்தோடு நிறுத்தினால் ஒரு நாள்கூடத் தாங்காது. கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையக்கூடாது என்று போன் சொல்வதைப் பலர் எட்டே போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வைக்கலாமே என்று கேட்பார்கள். `WPA2` முறை ஆங்கில விசைப்பலகையின் எழுத்து, எண், குறிகளுக்காக வகுக்கப்பட்டது. 8 முதல் 63 எழுத்து வரை. தமிழில் தட்டினால் சில போன் ஏற்க மறுக்கும், சில ஏற்றுவிட்டு மற்றக் கணினியில் இணையாமல் நிற்கும். இன்னொரு சங்கடமும் உண்டு: ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது `zh` போடுவதா `l` போடுவதா, `th` போடுவதா `t` போடுவதா என்று ஆளுக்கொரு வழக்கம். எழுதிவைத்ததை எழுதிவைத்தபடியே தட்ட வேண்டும். வாயால் சொல்லிக் கொடுத்தால் பக்கத்து இருக்கைக்காரர் புத்தளம் வரை தட்டிக்கொண்டிருப்பார்.

ஹொட்ஸ்பொட்டின் பெயரும் அந்த 4,096 சுற்றில் கலக்கிறது என்றேனல்லவா? அதனால் எல்லோரும் விட்டுவைக்கும் `AndroidAP` போன்ற பொதுப்பெயர்களுக்கு, வழக்கமான கடவுச்சொற்களை முன்கூட்டியே அரைத்து அட்டவணையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கென்று தனிப் பெயர் வைத்தால் அந்த அட்டவணை பயன்படாது. ஆனால் அந்தத் தனிப் பெயர் உங்கள் சொந்தப் பெயராக இருக்க வேண்டாம். ஐபோனில் ஹொட்ஸ்பொட்டுக்கென்று தனியே பெயர் கிடையாது. போனின் பெயரே அதற்கும். `Settings`, `General`, `About` என்று போய் `Name` என்பதை மாற்ற வேண்டும். வாங்கிய நாளில் போன் தானே சூட்டிக்கொண்ட பெயரோடு எத்தனை பேர் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நிற்கிறார்கள் என்று வைஃபை பட்டியலைத் திறந்தால் தெரியும். பெயரும் போனின் மாடலும் வரிசையாக வரும்.

பெயரை மறைத்துவைக்கும் வசதி சில போன்களில் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மறைத்த பெயரில் இணையப் பழகிய மடிக்கணினி, போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடும். பம்பலப்பிட்டியில் தேநீர் குடிக்க உட்கார்ந்தாலும் கூப்பிடும். மறைத்ததற்கு நேர்மாறான பலன்.

கூப்பிடுவதைக் கேட்டவர் அதே பெயரில் ஒரு போலி ஹொட்ஸ்பொட்டை எழுப்பலாம். கடவுச்சொல் அவருக்குத் தெரியாது, ஆகையால் இணைப்பு நிறைவேறாது. ஆனால் உங்கள் மடிக்கணினி தன் முத்திரையைப் போட்டு அனுப்பிவிடும். உடைப்பவருக்கு அது ஒன்றே போதும். உங்கள் போன் அந்த நேரத்தில் சட்டைப்பையில் அணைந்தே இருக்கலாம். இதற்கெல்லாம் பரிகாரம் ஐந்து சொல்தான். முத்திரை கையில் கிடைத்தாலும் 400 ஆண்டு.

`WPA3` என்ற புதிய முறை இந்த வழியையே அடைக்கிறது. 2018இல் அறிமுகமானது. இதில் காற்றிலிருந்து பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ஹொட்ஸ்பொட்டோடு நேரடியாகப் பேசியாக வேண்டும். பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வரைகலை அட்டையின் வேகத்தில் ஊகிக்க முடியாது. பல அண்ட்ரொய்ட் போன்களில் ஹொட்ஸ்பொட் அமைப்பில் `Security` என்ற இடத்தில் `WPA3-Personal`, `WPA2/WPA3-Personal`, `WPA2-Personal` என்று மூன்று தெரிவுகள் இருக்கும். நடுவில் உள்ளது இரண்டையும் ஏற்கும். அதாவது பழைய முறையின் பலவீனத்தையும் ஏற்கும். உங்கள் மடிக்கணினி புதியது என்றால் முதலாவதைத் தெரிவுசெய்து, வீட்டிலேயே இணைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய கணினிக்கு அந்தப் பெயர் பட்டியலில் தெரிந்தாலும் இணைய வராது. அதை மதவாச்சியில் இருட்டில் கண்டுபிடிப்பது இனிமையான அனுபவம் இல்லை.

சரி, உடைப்பவர் கதை முடிந்தது. அழைத்த விருந்தாளிக்கு வருவோம். ஐந்து சொல்லும் `WPA3`உம் அவரிடம் செல்லாது, ஏனென்றால் சாவியைக் கொடுத்ததே நாம்.

கடவுச்சொல்லை ஒருவருக்குக் கொடுத்தால் அது அவரோடு நிற்பதில்லை. அவருடைய போன் அதைச் சேமிக்கிறது. சேமித்த இணைப்பைத் திறந்தால் கியூஆர் குறியீடாகக் காட்டும். அந்தச் சதுரத்துக்குள் இருப்பது பூட்டிய எதுவும் இல்லை, வெறும் எழுத்து:

```
WIFI:T:WPA;S:17seat;P:uppu-naduvar-kombu-saalai-vithai;;
```

யார் வேண்டுமானாலும் படம் பிடித்து இன்னொருவருக்கு அனுப்பலாம். கணக்கோடு ஒத்திசையும் போன் என்றால் அதே கடவுச்சொல் அவருடைய மற்றச் சாதனங்களுக்கும் போகும். இதோடு இன்னொன்று: `WPA2` இணைப்பில் கடவுச்சொல்லைத் தெரிந்த ஒருவர், மற்றவர் இணையும் கணத்தைப் பிடித்துவைத்தால், அவருடைய போக்குவரத்தின் வைஃபை மறையாக்கத்தை அவிழ்த்துவிடலாம். வங்கிச் செயலியும் பெரும்பாலான தளங்களும் அதற்கு மேல் தங்கள் சொந்த மறையாக்கத்தை வைத்திருப்பதால் உள்ளே இருப்பது தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும்.

அப்படியானால் யார் சேரலாம் என்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது? போன்கள் தரும் வசதிகள் மூன்று வகை. இணைந்திருப்பவர்களின் பட்டியலில் ஒருவரைத் தொட்டுத் தடுப்பது. அனுமதித்த சாதனங்களை மட்டும் ஏற்பது, சாம்சங் போன்களில் இது `Allowed devices only` என்ற பெயரில் இருக்கிறது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது. எல்லாப் போன்களிலும் மூன்றும் இல்லை. ஐபோனில் மூன்றுமே இல்லை. எத்தனை சாதனம் இணைந்திருக்கிறது என்று எண்ணிக்கை காட்டும், அவ்வளவுதான். ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

முதலிரண்டும் ஒரே அடையாளத்தை நம்பியிருக்கின்றன: சாதனத்தின் வைஃபை முகவரி. அந்த முகவரி மறையாக்கம் இல்லாமலேயே காற்றில் போகிறது. பார்த்தவர் தன் கணினிக்கு அதையே சூட்டிக்கொள்ளலாம். அது தேர்ந்தவர் வேலை. ஆனால் எந்தத் தேர்ச்சியும் இல்லாமல் நடக்கும் ஒன்று உண்டு. இப்போதைய போன்கள், எங்கே போனாலும் ஒரே முகவரியால் பின்தொடரப்படக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. ஐபோன்களில் இது 2020இல் வந்தது. நீங்கள் தடுத்தது அந்தப் புனைமுகவரியை. அவர் தன் போனில் அந்த ஏற்பாட்டை அணைத்தால் உண்மை முகவரியோடு புதிய ஆளாக உள்ளே வருவார். எதிர்த்திசையிலும் இது கடிக்கும்: ஹொட்ஸ்பொட்டின் பெயரை மாற்றினால் உங்கள் சொந்தச் சாதனம்கூட வேறு முகவரியோடு வந்து, உங்கள் அனுமதிப் பட்டியலில் இல்லை என்று வாசலில் நிற்கும். ஏன் இணையவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இதைப் பார்க்கலாம்.

எண்ணிக்கை வரம்பு அவ்வளவு நாகரிகமானது அல்ல, ஆனால் வேலை செய்கிறது. வரம்பை 1 என்று வைத்து உங்கள் மடிக்கணினி உள்ளே இருந்தால் இரண்டாமவருக்கு இடமில்லை. மடிக்கணினி மூடித் தூங்கிய கணத்தில் இடம் காலியாகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு நான் பழக்கமாக்கிக்கொண்ட வழி வேறு. விருந்தாளி கேட்டால் ஹொட்ஸ்பொட்டின் பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டையும் சேர்த்து மாற்றுகிறேன். பெயருக்கு அன்றைக்குத் தோன்றும் ஏதோ ஒன்று. கடவுச்சொல்லுக்குப் போன் தானே தரும் குருட்டாம்போக்கான எழுத்துகள். அவர் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்து இணைந்துகொள்வார். அவருடைய வேலை முடிந்ததும் பழைய பெயரையும் பழைய ஐந்து சொல்லையும் திருப்பிப் போட்டுவிடுகிறேன். இரண்டையும் சேர்த்து மாற்றுவதில்தான் நுட்பம். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், என் மடிக்கணினியும் குழம்பிப்போய், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச் சொல்லும். அந்தச் சலிப்பில் ஒரு வாரத்தில் பழையபடி தொலைபேசி இலக்கத்துக்குப் போய்விடுவேன். பெயரும் மாறும்போது என் கணினியின் நினைவில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது; திருப்பிப் போட்டதும் ஒன்றும் கேட்காமல் இணைகிறது. விருந்தாளியின் கணினி நினைவில் வைத்திருக்கும் பெயரோ இனி எந்தப் பஸ்ஸிலும் இல்லை.

விருந்தாளி உள்ளே இருக்கும் நேரத்தில் என் மடிக்கணினிக்கு யூஎஸ்பி வயர் போதும். ஹொட்ஸ்பொட் இருக்கும் அதே பக்கத்தில் `USB tethering` என்று இருக்கிறது. அண்ட்ரொய்ட் போனை வயரால் செருகி அதைத் திறந்தால் இணைய இணைப்பு வயர் வழியாகப் போகும். காற்றில் எதுவும் இல்லை, பிடிக்கவும் ஒன்றுமில்லை, போனும் சார்ஜ் ஆகும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயர்கள் உண்டு. அவற்றைச் செருகினால் அந்தத் தெரிவு மங்கலாகவே இருக்கும், தொட வராது. ஐபோனை விண்டோஸ் கணினியில் செருகினால், கணினியில் ஆப்பிளின் மென்பொருள் இருக்க வேண்டும், போனில் இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்பதற்குச் சம்மதம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு மடிக்கணினியோடு தனியாகப் பயணம் செய்பவருக்கு ஹொட்ஸ்பொட்டே தேவையில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும்தான் அது வேண்டும்.

மறந்துபோய் அணைக்காமல் விடுவதற்கும் ஒரு வழி உண்டு. அண்ட்ரொய்டில் யாரும் இணையாமல் சிறிது நேரம் இருந்தால் ஹொட்ஸ்பொட் தானாகவே அணையும் தெரிவு இருக்கிறது. அது திறந்திருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். ஆனால் பழைய விருந்தாளி ஒருவர் இணைந்திருந்தால் அது அணையாது. என் டேட்டா தீர்ந்த இரவில் நான் என் கணினியை மூடியிருந்தாலும், பின்வரிசையில் ஒரு மடிக்கணினி ஹொட்ஸ்பொட்டை விழிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கும். ஆகவே ஹொட்ஸ்பொட்டைத் திறந்ததும் இணைந்திருக்கும் எண்ணிக்கையை ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. அண்ட்ரொய்டில் மேலிருந்து அறிவிப்பை இழுத்தால் தெரியும். நான் ஒருவர் என்றால் 1. அதற்கு மேல் வந்தால் பெயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சென்ற மாதம் அந்த மாணவர் மறுபடியும் பக்கத்து இருக்கை. பட்டம் முடிந்து வேலை கிடைத்திருந்தது, மடிக்கணினியும் புதியது. "அண்ணா, ஹொட்ஸ்பொட்" என்றார், பாதி வெட்கத்தோடு. பெயரை `Chilaw-tea` என்று மாற்றி, திரையை அவர் பக்கம் திருப்பினேன். புத்தளம் தாண்டியதும் வேலை முடிந்தது என்றார். பெயரைத் திருப்பிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில், "அண்ணா, உங்களுடையது காணாமல் போய்விட்டதே" என்றார்.

"தேநீர்க் கடை தாண்டிவிட்டதே தம்பி" என்றேன்.